கீறின இசைத்தட்டும் நாங்கள் வெட்டின பாட்டும்

போன வருசம் எங்கள் பீடத்துக் கலைமாலைக்கு ஏழு பாட்டுத் தெரிவு செய்திருந்தோம். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாட்டுகளின் பட்டியலையும் வரிகளையும் டைப் பண்ணித் தரச் சொன்னார்கள். "சும்மா ஒரு நடைமுறைக்குத்தான்" என்றார் கேட்டவர். அன்று பின்னேரம் கன்டீனில் இருந்து வரிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தோம். நாலாவது பாட்டில் எல்லாரும் நின்றுவிட்டோம். ஆட்கள் திரும்பி வராத ஒரு வீட்டைப் பற்றின பாட்டு அது. அதில் ஒரு கொடியும் இல்லை, ஒரு பெயரும் இல்லை. கீபோர்ட் வாசிக்கிற நண்பன்தான் முதலில் சொன்னான்: "உதை விடுவம் மச்சான். பிறகு ஏன் எதுக்கு எண்டு கேட்பினம்." ஒருத்தரும் மறுத்துக் கதைக்கவில்லை. பேனை என் கையில் இருந்தது. நான்தான் வெட்டினேன். மிச்சம் ஆறு பாட்டுக்கும் ஒரு கேள்வியும் இல்லாமல் அனுமதி வந்தது.

அதே கிழமைகளில் ஒரு ஒப்படைக்காக, இன ஒதுக்கல் காலத்துத் தென்னாபிரிக்க வானொலியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசிப்பில் என்னை நிறுத்தினது கீறல் விழுந்த இசைத்தட்டுகள். எல்பி தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குகிற இடத்தில் ஒரு மெல்லிய பளபளப்பான இடைவெளி இருக்கும். அதை வைத்துத்தான் மூன்றாவது பாட்டு எது, நாலாவது பாட்டு எது என்று கண்ணால் கண்டுபிடித்து ஊசியை வைப்பார்கள். தென்னாபிரிக்க அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான எஸ்ஏபிசியின் இசைத்தட்டு நூலகத்தில் இருந்த பல தட்டுகளில், அப்படியான இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பாட்டை மட்டும் கூரான ஒன்றால் குறுக்கே கீறி வைத்திருக்கிறார்கள். மற்றப் பாட்டுகள் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஊசி அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் துள்ளும். உறையில் 'தவிர்க்கவும்' என்ற அர்த்தத்தில் ஒரு ஒட்டுத்தாளும் இருக்கும்.

ஒட்டுத்தாள் போதாதா, ஏன் கீறினார்கள்? ஒட்டுத்தாளை ஒரு இரவு நேர அறிவிப்பாளர் பார்க்காமல் விடலாம், பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கலாம். கீறின பாட்டை அவர் விரும்பினாலும் போட ஏலாது. அறிவிப்பாளரின் மனச்சாட்சியை நம்பாத ஒரு நிர்வாகத்தின் கையெழுத்து அந்தக் கீறல்.

அங்கே ஒரு பாட்டு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலாவது, 1974ஆம் ஆண்டு வெளியீடுகள் சட்டத்தின் கீழ் இருந்த தணிக்கைப் பணியகம். பொலிசோ சுங்கமோ பொதுமக்களில் ஒருவரோ ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் அது விசாரித்து, 'விரும்பத்தகாதது' என்று அறிவிக்கும். அதன்பிறகு அதை விற்பது குற்றம். கடுமையாகத் தடை செய்தால் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பிங்க் ஃபுளோய்டின் சுவர் பற்றின பாட்டை 1980இல் தடை செய்தது இப்படித்தான். பள்ளிக்கூடப் பகிஷ்கரிப்பில் இருந்த பிள்ளைகள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

ஆனால் பெரும்பாலான பாட்டுகள் மாட்டினது இரண்டாவது வாசலில், அதாவது எஸ்ஏபிசியில். இதற்குச் சட்டமும் தேவையில்லை, வர்த்தமானி அறிவித்தலும் தேவையில்லை. அது அவர்களின் வானொலி. எதைப் போடுவது என்பது அவர்களின் உள்வீட்டு விசயம். 1966இல் ஜோன் லெனன் இயேசுவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக பீட்டில்ஸின் பாட்டுகளைப் பல வருசங்களுக்கு நிறுத்தினார்கள். 1985இல் ஸ்டீவி வொண்டர் தனக்குக் கிடைத்த ஒஸ்கார் விருதை நெல்சன் மண்டேலாவின் பெயரில் ஏற்றுக்கொண்டார். அவரின் பாட்டுகளும் உடனே நின்றன. அந்த விருது கிடைத்த பாட்டு ஒரு காதலிக்குத் தொலைபேசியில் சொல்லும் பாட்டு. அதில் தென்னாபிரிக்கா என்ற பேச்சே இல்லை.

சாதாரணமாக ஒரு புதுத் தட்டுக்கு நடந்தது இதுதான். இசைத்தட்டுக் கம்பனி தட்டை அனுப்பும்போது பாட்டு வரிகளையும் தாளில் டைப் பண்ணி அனுப்ப வேண்டும். எஸ்ஏபிசிக்குள் ஒரு குழு ஒழுங்காகக் கூடி அந்தத் தாள்களைப் பார்க்கும். அரசியல் இருக்கிறதா, மதநிந்தனை இருக்கிறதா, பாலியல் இருக்கிறதா, போதைப்பொருள் இருக்கிறதா என்று வரி வரியாக வாசிக்கும். சந்தேகம் வந்தால் பாட்டு நிற்கும். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கன்டீன் மேசை ஞாபகம் வந்தது. டைப் பண்ணின தாள், வரிகள், "சும்மா ஒரு நடைமுறை".

இந்த முறையில் ஒரு விசயத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். பாட்டை அவர்கள் காதால் அல்ல, கண்ணால்தான் தணிக்கை செய்தார்கள். ஒரு பாட்டைத் தாளில் போட்டால் எது மிஞ்சும்? சொல் மிஞ்சும். மெட்டு மிஞ்சாது. பாடுகிறவர் எந்தச் சொல்லில் இழுக்கிறார், எங்கே சிரிக்கிறார் என்பதும் மிஞ்சாது. அந்த முறையின் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கேதான் இருக்கின்றன.

பலத்தை முதலில் சொல்கிறேன். தாளில் கருத்து மட்டும் தெரிவதில்லை, மொழியும் தெரியும். 1960களில் எஸ்ஏபிசி கறுப்பின மக்களுக்காக 'ரேடியோ பான்டு' என்ற பெயரில் தனித்தனி மொழிச் சேவைகளை நடத்தினது. சூலு மொழிக்கு ஒன்று, கோசாவுக்கு ஒன்று, சோதோவுக்கு ஒன்று. மொழிக்கு ஒரு வானொலி கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு இனமும் தனித் தாயகத்தில் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் அரசின் கொள்கை. அந்தக் கொள்கையின் குரல்தான் இந்தச் சேவைகள். அதனால் பாட்டில் மொழி 'சுத்தமாக' இருக்க வேண்டும். நகரத்துச் சேரிகளில் நாலு மொழி கலந்து பேசிய சனத்தின் பேச்சு பாட்டில் வந்தால் அது பிழை. இதோடு சேர்த்து, எஃப்எம் அலைவரிசை மட்டும் எடுக்கிற மலிவான ரேடியோப் பெட்டிகளும் பரவின. சிற்றலை இல்லாத பெட்டியில் வெளிநாட்டு நிலையங்கள் கேட்காது. பாட்டையும் கட்டுப்படுத்தி, பாட்டு வருகிற பெட்டியையும் கட்டுப்படுத்தினார்கள்.

ஜொனி கிளெக் என்ற வெள்ளை இளைஞனும் சிபோ ம்சூனு என்ற சூலு இளைஞனும் சேர்ந்து 'ஜூலுகா' என்ற குழுவை நடத்தினார்கள். சூலுவும் ஆங்கிலமும் ஒரே பாட்டில் வரும். அரசை ஏசின பாட்டுகள் என்றில்லை. இரண்டு மொழி ஒரே தட்டில் இருந்ததே வானொலிக்குப் பிரச்சினை. ஆங்கில நிலையத்துக்கு அதில் சூலு கூடிப் போனது, சூலு நிலையத்துக்கு ஆங்கிலம் கூடிப் போனது. இதைத் தணிக்கை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 'எந்த நிலையத்துக்கும் பொருந்தவில்லை' என்று சொன்னால் போதும். எனக்கு இதுதான் மிகவும் கெட்டித்தனமான தணிக்கையாகப் படுகிறது. பாட்டை வெட்டாமல், பாட்டுக்கு இடமில்லாதபடி அலுமாரியைச் செய்துவிடுவது.

இனிப் பலவீனம். 1955இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் சோஃபியாடவுன் என்ற இடத்தில் இருந்த கறுப்பின மக்களை அரசு லொறிகளில் ஏற்றி மெடோலான்ட்ஸ் என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கத் தொடங்கினது. அடுத்த வருசம் ஸ்ட்ரைக் விலகாசி என்பவர் 'மெடோலான்ட்ஸ்' என்றே பெயர் வைத்து ஒரு பாட்டு எழுதினார். துள்ளலான மெட்டு. வரிகளை மேலோட்டமாகப் பார்த்தால், நாங்கள் இரவு பகலாக மெடோலான்ட்ஸுக்குப் போகிறோம் என்று சந்தோசமாகச் சொல்வதுபோல இருக்கும். அதிகாரிகள் இதைக் குடிபெயர்ப்புக்கு ஆதரவான பாட்டு என்று நினைத்து மகிழ்ந்தார்கள் என்று அந்தக் காலத்து இசை வரலாறுகளில் சொல்லப்படுகிறது. பாட்டு வானொலியில் போனது. லொறியில் ஏற்றப்பட்ட சனத்துக்கு அதன் கிண்டல் கேட்டது. எழுதின சொல் ஒன்றுதான், கேட்ட காது இரண்டு.

இதைவிட நுட்பமான உதாரணம் 1987இல் வந்தது. டான் ஹேமன் என்ற இளைஞர் கட்டாய இராணுவ சேவையில் இருந்தவர். வெள்ளை ஆண்கள் எல்லாருக்கும் அது கட்டாயம். அவருக்கு அதில் விருப்பமே இல்லை. நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த நேரம் அது. அவர் இசையமைத்த 'வீப்பிங்' என்ற பாட்டை அவருடைய 'பிரைட் புளூ' குழு வெளியிட்டது. தலைப்பின் அர்த்தம் அழுகை. வரிகளைத் தாளில் வாசித்தால் ஒரு கதை: பயத்தில் வாழ்கிற ஒருவன் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு மிருகத்தை மதில் கட்டி அடைத்து, எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அயலவர்களுக்குச் சொல்கிறான். கேட்டுப் பார்த்தால் அது உறுமல் இல்லை, அழுகை. ஜனாதிபதி போத்தாவைத்தான் சொல்கிறார்கள் என்று இன்று எங்களுக்குத் தெரியும். தாளில் அது ஒரு பழைய கதைமாதிரித்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பாட்டின் உயிர் வரிகளுக்கு வெளியே இருக்கிறது. வாத்தியங்களுக்குள், சொல் ஒன்றும் இல்லாமல், இன்னொரு மெட்டு வருகிறது. அது 'ந்கோசி சிகெலேல் இஆப்ரிகா'வின் மெட்டு. இனொக் சொன்டோங்கா என்ற ஆசிரியர் 1897இல் ஆக்கின தேவாலயப் பாட்டு அது. 1925இல் இருந்து ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் கூட்டங்கள் முடியும்போது பாடப்பட்டு வந்தது. 1960இல் அந்த இயக்கம் தடை செய்யப்பட்ட பிறகு ஊர்வலங்களிலும் சுடப்பட்டவர்களின் இறுதிச் சடங்குகளிலும் சனம் எழும்பி நின்று பாடினது இதைத்தான். எஸ்ஏபிசியின் ரேடியோ 5, அரசின் சொந்த நிலையம், 'வீப்பிங்'கைப் போட்டது. பாட்டு அங்கே முதலாம் இடத்துக்கே வந்தது. தடை செய்யப்பட்ட இயக்கத்தின் மெட்டை அரச வானொலி நாளாந்தம் நாட்டுக்கு வாசித்துக் காட்டினது. தணிக்கைக் குழு கேட்டது வரிகளை. மெட்டை யாரும் டைப் பண்ணி அனுப்பவில்லை.

இதை முதலில் வாசித்தபோது கைதட்ட வேண்டும்போல இருந்தது. என் ஒப்படையை இந்த வெற்றியோடு முடிக்கத்தான் யோசித்தேன். பிறகு இரண்டு விசயம் உறுத்தினது.

ஒன்று, ஒளித்து வைத்த மெட்டு ஏற்கெனவே அதைத் தெரிந்தவனுக்குத்தான் கேட்கும். இறுதிச் சடங்கில் நின்றவளுக்கு அந்த நாலு சுரமே போதும், மயிர் கூச்செறியும். ஆனால் ரேடியோ 5ஐக் கேட்டவர்களில் அதிகம் பேர் வெள்ளை இளைஞர்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அது சோகமான ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான். தணிக்கைக்காரனுக்குத் தெரியாமல் ஒளிக்கிறபோது பாதிக் கேட்பவனுக்கும் தெரியாமல் ஒளித்துவிடுகிறோம்.

மற்றது, ஒளிக்காமல் பாடினவர்களுக்கு என்ன நடந்தது என்பது. ரொஜர் லூசி என்ற பாடகர் 1979இல் வெளியிட்ட தட்டு தடை செய்யப்பட்டது. பொலிஸ் காவலில் செத்துப்போன ஒரு இளைஞனின் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடினவர் அவர். வெளிநாட்டு வானொலி ஒன்றில் அவர் பாடின பிறகு பாதுகாப்புப் பொலிஸ் அவர் மேல் கண் வைத்தது. போல் இராஸ்மஸ் என்ற பொலிஸ்காரரிடம் அந்த வேலை வந்தது. அவர் குழு கூட்டவில்லை, தாள் கேட்கவில்லை. இசைத்தட்டுக் கம்பனியையும் பாட்டு நடத்தும் இடங்களையும் வெருட்டினார். 1980இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் லூசி பாடிக்கொண்டிருந்த ஒரு கிளப்பின் குளிரூட்டிக்குள் கண்ணீர்ப்புகைத் தூளைப் போட்டார். சனம் இருமிக்கொண்டு வெளியில் ஓடினது. அதற்குப் பிறகு லூசியைக் கூப்பிட ஒருத்தருக்கும் துணிவில்லை. தன் வாய்ப்புகள் ஏன் ஒவ்வொன்றாக மூடுப்படுகின்றன என்றே லூசிக்குத் தெரியாது. கடைசியில் பாட்டை விட்டுவிட்டுத் தொலைக்காட்சிச் செய்திக்குக் கமெரா தூக்கப் போனார். 1990களில் இராஸ்மஸ் தானே வாய் திறந்து சொன்ன பிறகுதான் நடந்தது வெளியில் வந்தது. பிறகு இரண்டு பேரும் சந்தித்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வருசத்துப் பாட்டுகளை யாரும் திருப்பித் தர ஏலாது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற எல்லாரும் இருந்தார்கள். 'வீப்பிங்'கின் கெட்டித்தனமும் இல்லை, லூசியின் பிடிவாதமும் இல்லை. ஸ்டூடியோவில் ஒரு பாட்டைப் பதிவு செய்யக் காசு வேண்டும். காசு திரும்பி வர வானொலியில் பாட்டுப் போக வேண்டும். வானொலி என்றால் எஸ்ஏபிசி. ஆகவே தயாரிப்பாளர் முதல் வரியைக் கேட்டவுடனேயே "இது ரேடியோவுக்குப் போகாது" என்று சொல்லிவிடுவார். அடுத்த முறை அவர் சொல்லவும் தேவையில்லை, பாடகரே சொல்லை மாற்றிக்கொண்டு வருவார். அதற்கு அடுத்த முறை அந்த மாதிரிப் பாட்டே எழுதமாட்டார். இதனால்தான் ஷிஃப்டி ரெக்கோர்ட்ஸ் போன்ற சின்னக் குழுக்கள் 1980களில் ஒரு கரவனுக்குள் ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு, வானொலியை எதிர்பார்க்காமலே பதிவு செய்யத் தொடங்கின. வானொலி வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அவர்களால் பாட்டைப் பாட்டாகக் கேட்க முடிந்தது.

கீறப்பட்ட தட்டுகளை இன்று கையில் எடுத்துப் பார்க்கலாம். எந்தப் பாட்டு, எந்தத் தட்டு என்று விரல் வைத்துச் சொல்லலாம். கீறினவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே செய்து, நூலகத்தில் ஒழுங்காக அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுதாமல் விட்ட பாட்டுக்குக் கீறல் இல்லை. பட்டியலுக்கு வராமலே போன பாட்டுக்கு ஒட்டுத்தாள் இல்லை. யாராவது பிற்காலத்தில் எங்கள் பீடத்துக் கோப்பைத் திறந்தால் ஆறு பாட்டுகள், ஆறுக்கும் அனுமதி என்றுதான் இருக்கும். இங்கே பாட்டுக்குத் தடையே இருந்ததில்லை என்று அவர் எழுதுவார். அதைப் பொய் என்று காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

எங்களிடம் தரச் சொல்லிக் கேட்டவர் அந்தப் பாட்டை வெட்டியிருப்பாரா? வெட்டாமலும் விட்டிருக்கலாம். அந்த முடிவை எடுக்கிற வேலையையே அவருக்கு நாங்கள் வைக்கவில்லை.

இந்த வருசமும் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். நேற்று நானும் கீபோர்ட் நண்பனும் இருந்து எழுதினோம். நாலாவது இடத்தில் அந்தப் பாட்டை எழுதினேன். அவன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெட்டினா?" என்று கேட்டான்.

"வெட்டட்டும். அவையின்ர பேனையாலை வெட்டட்டும்" என்றேன். "அந்தத் தாளை நாங்கள் போட்டோ எடுத்து வைப்பம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வரிகளை டைப் பண்ணத் தொடங்கினான்.